மதிய உணவுக்குப் பின் வரும் தூக்கமும் சர்க்கரைப் பரிசோதனையும்

கேள்வி: எனக்கு வயது 38. மதியம் சாப்பிட்டு முக்கால் மணி நேரத்துக்குள் கண்களைத் திறந்து வைத்திருக்கவே முடியவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவருடைய குளுக்கோமீட்டரில் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 158 காட்டியது. இந்தத் தூக்கம் சர்க்கரையின் அறிகுறியா? நான் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்:

பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதும் அம்மாவின் நோயும் அதற்குப் போதுமான காரணங்கள். மதியத் தூக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டிருந்தால், சர்க்கரை முதல் சந்தேகமே இல்லை என்று சொல்லியிருப்பேன். இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது முக்கியம். சேர்த்துப் பார்த்தால் இரண்டு வகையில் ஏமாறலாம். சர்க்கரை அளவு சரியாக இருந்தால் தூக்கத்தையும் பிரச்சினை இல்லை என்று விட்டுவிடுவீர்கள். அளவு சற்றுக் கூடுதலாக இருந்தால் தூக்கத்தின் பழியை அதன் மேல் போட்டுவிட்டு, உண்மையான காரணத்தைத் தேடாமல் இருந்துவிடுவீர்கள். இரண்டையும் நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் தூக்கம். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தூக்கத்தை நோக்கித் தள்ளுகிறது. அதற்கு எதிராக, உடலுக்குள் இருக்கும் கடிகாரம் விழிப்பைத் தூண்டும் சமிக்ஞையை அனுப்புகிறது. மாலை நெருங்கும்போதுதான் இந்தச் சமிக்ஞை நன்றாக வலுக்கிறது. காலையிலிருந்து சேர்ந்த தூக்க அழுத்தம் ஓரளவு கூடியிருந்தும், மாலைக்குரிய விழிப்பு இன்னும் வலுக்காத இடைவெளி ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது மதியம் ஒரு மணி முதல் நான்கு மணி வரைக்குள் வருகிறது. மதிய உணவே கொடுக்காமல், மணிக்கு ஒரு முறை சிறிய அளவில் ஒரே மாதிரியான உணவு கொடுத்து ஆய்வகத்தில் பார்த்தபோதும் பலரிடம் இந்தச் சரிவு தெரிந்திருக்கிறது. அதாவது, சாப்பாடு இல்லாவிட்டாலும் உங்களுக்கு அந்த நேரத்தில் ஓரளவு தூக்கம் வந்திருக்கும். முந்தைய இரவு ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால் அந்த ஓரளவு பல மடங்காகத் தெரியும்.

சாப்பாடு இந்தச் சரிவை ஆழமாக்குகிறது என்பதும் உண்மைதான். அதிக அளவு சாப்பாடு, குறிப்பாக மாவுச்சத்தும் கொழுப்பும் மிகுந்த சாப்பாடு, தூக்கத்தைக் கூட்டுகிறது. இதற்கு ஒரு வழி மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் இருக்கும் ஒரெக்சின் செல்கள். நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இவை அழிந்துபோகும்போதுதான் நார்கோலெப்சி என்ற தூக்க நோய் வருகிறது. விலங்குகளில் செய்த சோதனைகளில், சாப்பிட்ட பின் இயல்பாக ஏறும் அளவு குளுக்கோஸே இந்தச் செல்களின் வேகத்தைக் குறைக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ‘இயல்பாக’ என்ற பகுதி. நோய் அளவுக்குச் சர்க்கரை ஏற வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே முழு ஆரோக்கியமான ஒருவருக்கும் நல்ல சாப்பாட்டுக்குப் பின் கண் சொக்கலாம். ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடுவதால் மூளைக்குக் குறைந்துவிடுகிறது என்ற விளக்கத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தை உடல் மிகக் கறாராகக் காப்பாற்றுகிறது. அந்த விளக்கம் நிற்காது. வயதானவர்களில் சிலருக்குச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ரத்த அழுத்தம் கணிசமாக இறங்கித் தலைச்சுற்றலும் சோர்வும் வருவது உண்டு. அது வேறு பிரச்சினை, உங்கள் வயதில் அரிது.

அப்படியானால் உயர்ந்த சர்க்கரை தூக்கத்தைத் தரவே தராதா? தரும், ஆனால் வேறு வழியில். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைத் திரும்ப உறிஞ்ச முடியாமல் சிறுநீரில் வெளியேறத் தொடங்குகிறது. (இந்தப் பதிலில் வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, உங்கள் மீட்டர் காட்டியதும் அதுவே.) சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. அதனால் தாகம், அடிக்கடி சிறுநீர், இரவில் பல முறை எழுந்திருப்பது, எடைக் குறைவு, மங்கலான பார்வை எல்லாம் வருகின்றன. இரவு நான்கு முறை எழுந்தவர் மறுநாள் தூங்கி விழுவதில் வியப்பில்லை. அந்த நிலையில் இருப்பவர் மதியம் மட்டுமல்ல, நாள் முழுவதும் களைப்பாகவே இருப்பார். இதற்குக் கீழே, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று சொல்லப்படும் கட்டத்தில், பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. தூக்கம் வருகிறதா என்று பார்த்து அந்த நிலையைக் கண்டுபிடிக்க முடியாது. தூக்கம் வரவில்லை என்பதால் அது இல்லை என்றும் சொல்ல முடியாது. உங்கள் கேள்விக்கான பதிலின் மையம் இதுதான்.

சர்க்கரை ‘ஏறி, பிறகு சடாரென்று இறங்குவதால்’ தூக்கம் வருகிறது என்ற இன்னொரு பேச்சும் பரவலாக இருக்கிறது. சாப்பிட்ட பின் சர்க்கரை குறைந்துபோகும் பிரச்சினை உண்மையிலேயே சிலருக்கு உண்டு. இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அதிகம் பார்க்கிறோம். ஆனால் அது சாப்பிட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்து வரும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த நேரத்தில் அளந்தால் சர்க்கரை 55க்குக் கீழ் இருக்க வேண்டும், சாப்பிட்டதும் அளவு ஏறி அறிகுறிகள் போக வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்த முடிவுக்கு வருவோம். உங்களுக்கோ முக்கால் மணி நேரத்தில் தூக்கம், ஒரு மணி நேரத்தில் 158. அப்போது உங்கள் சர்க்கரை இறங்கவில்லை, மேலே இருந்தது. ஆகவே அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

இப்போது அந்த 158ஐ எடுத்துக்கொள்வோம். வீட்டு மீட்டர்களுக்கு இருக்கும் சர்வதேசத் தரமே, பெரும்பாலான அளவீடுகள் 15 சதவீதம் முன்னே பின்னே இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் உங்கள் உண்மையான அளவு 134 ஆகவும் இருக்கலாம், 182 ஆகவும் இருக்கலாம். கை கழுவாமல் குத்தியிருந்தால், விரலில் ஒட்டியிருந்த பழச்சாறோ இனிப்போ அதைவிடப் பெரிய பிழையைத் தரும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அளவு உச்சத்தைத் தொடுவதுதான் வழக்கம். பெரும்பாலும் அது 140க்குள் நிற்கும். மாவுச்சத்து அதிகமான உணவுக்குப் பின் சிறிது நேரம் அதைத் தாண்டுவதும் உண்டு. ஒரு மணி நேர அளவு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024இல், ஒரு மணி நேரத்தில் 155ஐத் தொட்டால் அதை எச்சரிக்கை அளவாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் அந்த எண், 75 கிராம் குளுக்கோஸைக் குடித்துவிட்டு, நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் சோதித்துப் பார்ப்பதற்கு உரியது. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாத ஒரு சாப்பாட்டுக்குப் பின் விரல் நுனியில் எடுத்த அளவை அதோடு ஒப்பிட முடியாது. உங்கள் 158 நோயைக் காட்டவில்லை. ஆய்வகத்துக்குப் போகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அங்கே எந்தப் பரிசோதனை? உங்களுக்கு முதலில் இரண்டு போதும்: வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும். முதலாவதற்கு எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர வேறு எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருக்க வேண்டும். காபியும் கூடாது. 100க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 100 முதல் 125 வரை முந்தைய நிலை, 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோயின் எல்லை. உலக சுகாதார நிறுவனம் முந்தைய நிலையை 110இல் தொடங்குகிறது. ஆகவே 104 என்று வந்த அறிக்கையை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் படித்தால் குழம்பாதீர்கள். ஹெச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை. அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5 முதல் நோய். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. ஒரே ரத்தத்தில் இரண்டு சோதனைகளும் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது இன்னொரு நாள் எடுத்தும் அப்படியே வர வேண்டும்.

வெறும் வயிற்று ரத்தத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. உடனே பிரித்தெடுக்காமல் வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையும். காலை ஏழு மணிக்கு எடுத்து, பத்து மணி வரை அப்படியே கிடந்த குழாயில் 108 என்பது 90 பக்கம் வந்துவிடலாம். சோதனை செய்யும் ஆய்வகத்துக்கே நேரில் போய் ரத்தம் கொடுப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஹெச்பிஏ1சியைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேச வேண்டும். ஏனென்றால், தூக்கமும் சோர்வும் என்று வருபவர்களிடம் அது தவறாக வழிகாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். 41 வயதுப் பெண் ஒருவர், மதியம் மேசையிலேயே தூங்கிவிடுகிறேன் என்று வந்தார். கையில் ஒரு அறிக்கை: ஹெச்பிஏ1சி 6.0. முந்தைய நிலை வந்துவிட்டது, அதனால்தான் இந்தத் தூக்கம் என்று அவரே முடிவு செய்து, மாவுச்சத்தைப் பெரும்பாலும் நிறுத்தியும் விட்டார். சோர்வு குறையவில்லை, கூடியது. வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்தேன், 91. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அப்படி ஒத்துப்போகாதபோது நான் ரத்த அணுக்களைப் பார்ப்பேன். ஹீமோகுளோபின் 9.8, குறைவு; உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் மிகக் குறைவு. பல மாதங்களாக மாதவிடாய் அதிகமாக இருந்ததில் இரும்புச்சத்துக் காலியாகியிருந்தது.

ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்கிறது. இரும்பு இல்லாதபோது புது அணுக்கள் குறைவாகவே பிறக்கின்றன, ரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடுகிறது. பழைய அணுவில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸும் அதிகம். ஆகவே சர்க்கரை கூடாமலேயே எண் கூடுகிறது. அவருக்கு இருந்த சோர்வுக்கும் அந்த 6.0க்கும் காரணம் ஒன்றேதான், அது சர்க்கரை இல்லை. உறுதி செய்துகொள்வதற்காகக் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையும் செய்தோம்; இரண்டு மணி நேரத்தில் 118, முழு இயல்பு. இரும்புச்சத்துச் சிகிச்சைக்குப் பின், அணுக்கள் எல்லாம் புதிதாகி நிலைப்படும் வரை காத்திருந்து எடுத்தபோது ஹெச்பிஏ1சி 5.4. இடையில் அவசரப்பட்டு எடுத்திருந்தால் இளம் அணுக்கள் நிறைந்த ரத்தத்தில் எண் பொய்யாகக் குறைந்திருக்கும், அதுவும் தவறான நிம்மதி.

எதிர்ப் பக்கமும் இருக்கிறது. சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்கள், அண்மையில் நடந்த ரத்த இழப்பு, ரத்தம் ஏற்றிக்கொண்டது, கர்ப்பம் ஆகியவற்றில் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பிறவியிலேயே ஹீமோகுளோபின் மாறுபட்டவர்களிடம் சில கருவிகள் தவறாகக் காட்டும். எனவே நீங்கள் ரத்தம் கொடுக்கும்போது முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் சேர்த்துக் கேளுங்கள். சோர்வின் காரணத்தைத் தேடுவதற்கும் அது தேவை, ஹெச்பிஏ1சியை நம்பலாமா என்று பார்ப்பதற்கும் தேவை.

இரண்டு எண்களும் முரண்பட்டாலோ, எல்லையில் நின்றாலோதான் குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனைக்குப் போக வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடங்களுக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நடக்கவோ புகைபிடிக்கவோ கூடாது. 140க்குக் கீழ் இயல்பு, 140 முதல் 199 வரை முந்தைய நிலை, 200ம் அதற்கு மேலும் நோய். இதற்கு முந்தைய மூன்று நாட்களில் தினமும் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பயந்துபோய் மாவுச்சத்தை நிறுத்திவிட்டுச் சோதனைக்குப் போகிறவரின் உடல், திடீரென்று வரும் குளுக்கோஸைச் சமாளிக்கத் தடுமாறி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். வழக்கமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்று இன்சுலின் அளவைப் பார்க்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் தேவையில்லை என்று சொல்லிவிடலாம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை மாறுகிறது, நோயைத் தீர்மானிக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லையும் அதற்குக் கிடையாது. கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரை அளவிகளும் உங்களுக்கு வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அதை ஒட்டிய கையின் மேல் படுத்துத் தூங்கினால் அழுத்தத்தினாலேயே சர்க்கரை இறங்கியதாகப் பொய்யாகக் காட்டும். மதியம் தூங்கியவர் அதைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை இறங்கியதால்தான் தூங்கினேன் என்று நினைப்பது இயல்புதான்.

பரிசோதனை ஒரு பக்கம் நடக்கட்டும். தூக்கத்தின் காரணத்தை வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். நீங்கள் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது. ஒரு நாள் மதிய உணவை மூன்று மணிக்குத் தள்ளிப் பாருங்கள். வழக்கமான நேரத்திலேயே தூக்கம் வந்தால் அது கடிகாரத்தின் வேலை. இன்னொரு நாள், மதியம் சாப்பிடும் அதே அளவு, அதே உணவைக் காலையில் சாப்பிடுங்கள். காலையில் தூக்கம் வராவிட்டால் உணவைக் குற்றம் சொல்வது கடினம். காலையில் உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால் இந்த ஒப்பீடு முழுத் துல்லியம் இல்லை. ஆனாலும் வேறுபாடு பெரிதாக இருந்தால் நம்பலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது மூன்றாவது: ஒரு வாரம் இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கிப் பாருங்கள். என்னிடம் இதே புகாரோடு வருபவர்களில் மிகப் பலருக்கு, மதியத் தூக்கம் பாதியாகக் குறைவது இதில்தான். சாப்பாட்டின் அளவைக் குறைத்ததும் தூக்கம் குறைந்தால், அதற்குச் சர்க்கரை நோய் என்று பொருள் கொள்ளாதீர்கள். அளவு குறைந்தால் எல்லோருக்கும்தான் குறையும்.

இரவில் போதுமான அளவு தூங்கியும் தூக்கம் குறையவில்லை என்றால் தூக்கத்தின் தரத்தைச் சந்தேகிக்க வேண்டும். எப்வொர்த் தூக்க அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்டது. புத்தகம் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது என்று எட்டுச் சூழல்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் கேட்கும். மது அருந்தாமல் மதிய உணவு முடித்து அமைதியாக உட்கார்ந்திருப்பதும் அந்த எட்டில் ஒன்று. அந்த ஒன்றில் மட்டும் 3 வாங்கி மற்றவற்றில் 0 என்றால் மொத்தம் 3, கவலை இல்லை. மொத்தம் 10ஐத் தாண்டினால், தூக்கம் மதியத்துக்கு மட்டும் உரியதாக இல்லை என்று பொருள். அப்போது வீட்டில் இருப்பவரிடம், நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்கான சோதனை தேவை. இந்த நோயும் சர்க்கரை நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது சாதாரணம். அதனால்தான் சர்க்கரை கூடியிருப்பதைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்தக் கூடாது என்கிறேன். சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் சில மாத்திரைகளும், தைராய்டு குறைவும், மனச்சோர்வும் இதே போலத் தூக்கத்தைத் தரும். மருத்துவரிடம் நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பட்டியலைக் கொடுங்கள்.

உங்கள் முடிவுகள் இயல்பாக வந்தால் மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தால் போதும். முந்தைய நிலை என்று வந்தால் ஆண்டுக்கு ஒரு முறை. இடையில் எடை கூடினாலோ, ரத்த அழுத்தம் ஏறினாலோ, ஸ்டீராய்டு மருந்து எடுக்க நேர்ந்தாலோ முன்னதாகவே பாருங்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவை தெரிந்தால் நாள் குறிக்காமல் அன்றே போங்கள். வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது ஒரு முறை நடந்திருந்தாலும், எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திருக்காமல், காரணம் தெரிந்து சரியாகும் வரை வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.